"என் மருமகன்கள் இருவரும்": குடியாத்தம் உயில் ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது

"மீதமுள்ள ரொக்கமும் வங்கி இருப்புகளும் எங்கே இருந்தாலும் என் மருமகன்கள் இருவரும் சரிபாதியாக அடைந்துகொள்ள வேண்டியது."

நான்கு பக்க உயில். அதில் ஆறாவது பத்தி இது. எழுதியவர் குடியாத்தத்துக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் வாழ்ந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகள், பர்மிங்ஹாமில் குடும்பத்தோடு இருக்கிறார். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அம்மா அங்கே ஆறு ஆண்டுகள் இருந்தபோது அவர் பெயரில் திறந்த வங்கிக் கணக்கில் சுமார் 18,000 பவுண்டு தங்கிவிட்டது. ஊர் திரும்பி, 2011இல் உயில் எழுதிச் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்திருந்தார். அவர் மறைந்த பிறகு அந்தப் பணத்தை எடுக்கப் பர்மிங்ஹாம் வழக்கறிஞர் உயிலின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேட்டார். ஊரிலேயே ஒருவரிடம் கொடுத்து ஒரு பெயர்ப்பு வாங்கி அனுப்பினார்கள். அது பதினொரு கேள்விகளோடு திரும்பி வந்தது. அதன் பிறகுதான் மகள் என்னைத் தேடி வந்தார்.

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தைச் சுற்றி இருபது ஆண்டுகளாகப் பத்திரங்களை மொழிபெயர்த்துப் பிழைப்பவன் நான். உறவுச் சொல்லில் தடுக்கி விழுந்த பெயர்ப்புகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரே ஒரு சொல் பாதிப் பணத்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிவிடக்கூடிய நிலையை இந்த உயிலில்தான் முழுதாகக் கண்டேன். யாருடைய பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. அவரவர் ஊரை வைத்தே அடையாளம் சொல்கிறேன்.

குடும்பப் படம்

முதல் நாள் நான் மொழிபெயர்ப்பைத் தொடவே இல்லை. வெள்ளைத் தாளில் குடும்பப் படம் வரைந்தேன். ஆசிரியைக்கு ஓர் அண்ணன், ஒரு தங்கை. அண்ணனுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் ஆசிரியையின் மகளையே, அதாவது தன் அத்தை மகளையே, மணந்து பர்மிங்ஹாமில் இருக்கிறார். இளையவர் குடியாத்தத்தில் தறி வைத்திருக்கிறார். தங்கை இளவயதில் இறந்துபோனதால் அவருடைய ஒரே மகளை ஆசிரியைதான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். முறைப்படி தத்து எடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் கணவர் ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர்.

இப்போது ஆறாவது பத்தியைப் படியுங்கள். "மருமகன்கள் இருவர்" யார் யார்?

பெண்ணுக்குத் தன் சகோதரனின் மகன் மருமகன். ஆணுக்கானால் சகோதரியின் மகன் மருமகன், சகோதரனின் மகனோ மகன். பேசுகிறவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துச் சொல் திரும்பிக்கொள்கிறது. இந்த உயிலைப் பேசுகிறவர் பெண். ஆகவே அண்ணன் மகன்கள் இருவரும் முறைப்படி அவருக்கு மருமகன்களே. அப்படிப் படித்தால் பணம் பர்மிங்ஹாமுக்கும் குடியாத்தத்துக்கும் போகும்.

மகளின் கணவரும் மருமகன்தான். பெண்ணுக்குத் தங்கை மகளும் மகளே என்பதால் ஆம்பூர்க்காரரும் மருமகன்தான். அப்படிப் படித்தால் பணம் பர்மிங்ஹாமுக்கும் ஆம்பூருக்கும் போகும்.

பர்மிங்ஹாம்காரர் இரண்டு வகையிலும் மருமகன், அவர் பாதிக்கு ஆபத்தில்லை. இன்னொரு பாதி குடியாத்தத்துக்கா, ஆம்பூருக்கா என்பதுதான் கேள்வி. தமிழில் இருக்கும்வரை அந்தச் சொல் இருவரையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது யாரோ ஒருவர் கீழே விழுந்தாக வேண்டும். "நெஃப்யூ" என்று எழுதினால் ஆம்பூர்க்காரர் விழுந்துவிடுவார். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, தன் 99ஆம் பிரிவில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் என்று மட்டுமே பொருள் வைத்திருக்கிறது. தங்கை மகளின் கணவருக்கு அதில் இடமே கிடையாது. "சன்-இன்-லா" என்று எழுதினால் குடியாத்தத்துக்காரர் விழுந்துவிடுவார்.

முதல் பெயர்ப்பில் "சன்ஸ்-இன்-லா" என்று இருந்தது. பர்மிங்ஹாம் வழக்கறிஞர் வாரிசுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தார். அதில் ஒரே மகள். ஒரு மகளுக்கு எப்படி இரண்டு மருமகன்கள், முதல் கணவர் யாராவது உண்டா என்று கேட்டு எழுதிவிட்டார். அந்தக் கேள்வியைப் படித்துவிட்டு மகள் அழுதார். கேட்டவர் மேல் தவறில்லை. அவர் கையில் இருந்த ஆங்கிலம் அந்தக் கேள்வியைத்தான் கேட்க வைக்கும்.

இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த வேண்டுகோள்

செய்தி பரவியதும் குடியாத்தத்துக்காரர் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரோடு வந்தார். "சார், அகராதியில் 'நெஃப்யூ' என்றும் இருக்கிறதே, அதையே போட்டுவிடலாமே" என்றார் வழக்கறிஞர். அகராதியில் இருப்பது உண்மைதான். மறுநாள் ஆம்பூர் அம்மாவும் வந்தார். "பெரியம்மா எங்களைப் பிரித்துப் பார்த்ததே இல்லை அண்ணா, 'சன்-இன்-லா' என்பதை மாற்றிவிடாதீர்கள்" என்றார். அதுவும் உண்மைதான்.

இருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னேன். எதை எழுதினாலும் அது தீர்ப்பாகிவிடும், தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

இதைச் சட்டத்தை வைத்தே அவர்களுக்கு விளக்கினேன். அதே 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80ஆம் பிரிவு இப்படிப்பட்ட நிலைக்காகவே எழுதப்பட்டது. உயிலின் சொற்கள் படிக்கத் தெளிவாக இருந்து, வெளியே விசாரித்தால் அவை இரண்டு பேருக்குப் பொருந்துகின்றன, ஆனால் ஒருவரைத்தான் எழுதியவர் மனதில் வைத்திருக்க முடியும் என்றால், அது யார் என்று காட்ட வெளிச் சாட்சியம் கொடுக்கலாம். அந்தப் பிரிவே தரும் எடுத்துக்காட்டில் ஒருவருக்கு மேரி என்ற பெயரில் இரண்டு கசின்கள் இருக்கிறார்கள், அவர் "என் கசின் மேரிக்கு" என்று எழுதிவைக்கிறார். அங்கே பெயர் இரட்டை, இங்கே உறவு இரட்டை. ஆசிரியை கடைசிவரை இந்தியாவையே நிலையான இருப்பிடமாகக் கொண்டவர் என்பதால், வெளிநாட்டு வங்கியில் கிடந்தாலும் அந்தப் பணத்தின் வாரிசுரிமைக்கு இந்தச் சட்டமே பொருந்தும். ஆனால் இந்தக் கதவு திறக்க வேண்டுமானால் சொல் இரண்டு பேருக்குப் பொருந்துகிறது என்பது படிப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். "நெஃப்யூ" என்று எழுதி அனுப்பிவிட்டால், அதைப் படிக்கும் வெள்ளைக்காரருக்கு இரண்டு அண்ணன் மகன்கள் தெரிவார்கள், கணக்கு நேராகும், கேள்வியே எழாது. ஆம்பூர்க்காரருக்கு ஓர் அறிவிப்புக்கூடப் போயிருக்காது. எனக்குப் பயமாக இருந்தது அதுதான். பிழையான சொல்லாவது கேள்வியைக் கிளப்பிவிட்டது. பொருத்தமாக உட்காரும் சொல் சத்தமில்லாமல் ஒருவரைத் தள்ளிவிட்டிருக்கும்.

ஆகவே "மருமகன்கள்" என்ற சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் வைத்தேன். அடிக்குறிப்பில், பெண் ஒருவர் சொல்லும்போது இச்சொல் குறிக்கக்கூடிய உறவுகளை ஒவ்வொன்றாக எழுதினேன்: மகளின் கணவர், சகோதரனின் மகன், தமிழ் வழக்கில் மகளாகவே எண்ணப்படும் சகோதரி மகளின் கணவர். இவற்றில் எது இங்கே பொருள் என்பதை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்யவில்லை என்றும் ஒரு வரி சேர்த்தேன். யார் யாருக்கு எந்த உறவு என்ற குடும்ப விவரத்தை அடிக்குறிப்பில் எழுதவில்லை. அது என் கண்ணால் கண்டதல்ல, வந்தவர்கள் சொன்னது. அதைப் பிரமாணப் பத்திரத்தில் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மற்ற பத்திகள்

அந்த ஒரு சொல்லோடு வேலை முடியவில்லை. மூன்றாம் பத்தியில் நகைகளை "என் மகள்கள் இருவருக்கும்" என்று எழுதி, இருவர் பெயரையும் குறிப்பிட்டிருந்தார். ஒருவர் பெற்ற மகள், இன்னொருவர் தங்கை மகள். முதல் மொழிபெயர்ப்பாளர் உதவி செய்வதாக நினைத்து "டாட்டர் அண்டு நீஸ்" என்று திருத்தியிருந்தார். உண்மையில் அவர் ஒரு தடயத்தை அழித்துவிட்டார். ஆசிரியை தங்கை மகளை மகள் என்றே எழுதுகிறவர் என்பது தெரிந்தால்தானே, அவளுடைய கணவரை மருமகன் என்று எழுதியிருக்கக்கூடும் என்று யோசிக்கவே தோன்றும்? நான் "டாட்டர்ஸ்" என்றே வைத்து, மூலச் சொல் "மகள்கள்" என்றும், தாயின் உடன்பிறந்தவளைப் பெரியம்மா, சின்னம்மா என்று அழைக்கும் தமிழில் அவளுக்கு உடன்பிறந்தவளின் மகளும் மகளே என்றும் குறிப்பெழுதினேன். இதனால் நகை பறிபோகுமோ என்று ஆம்பூர் அம்மா கவலைப்பட்டார். பெயர் எழுதியிருக்கிறதே, யாரைச் சொல்கிறார் என்பதில் ஐயமில்லாதபோது உறவைத் தவறாகச் சொன்னதால் மட்டும் கொடை கெடாது என்பது 76ஆம் பிரிவு என்று சொன்னேன்.

ஐந்தாம் பத்தி "என் பேரப்பிள்ளைகள் நால்வரின் படிப்புக்குத் தலைக்கு ஐம்பதாயிரம்" என்கிறது. பர்மிங்ஹாம் மகளுக்கு இரண்டு பிள்ளைகள், ஆம்பூர் மகளுக்கு இரண்டு. குடியாத்தத்துக்காரருக்கு 2011இல் கல்யாணமே ஆகவில்லை. நால்வர் என்ற எண் சரியாக வருவது ஆம்பூர்ப் பிள்ளைகளைச் சேர்த்தால்தான். நான் இதைக் குறிப்பில் எழுதவில்லை, அது வாதம். ஆனால் "மகள்கள்", "பேரப்பிள்ளைகள்", "மருமகன்கள்" மூன்றையும் ஒரே முறையில், ஒவ்வொரு சொல்லும் வருமிடமெல்லாம் ஒரே ஆங்கிலச் சொல்லாக வைத்தேன். படிப்பவர் கண்ணில் அந்த வரிசை தானாகப் படும்.

இதற்கு நேர் மாறாக நடந்துகொள்ள வேண்டிய இடமும் இதே உயிலில் இருந்தது. வீட்டைப் பெற்ற மகளுக்குக் கொடுக்கும் பத்தியில் "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று நம் பத்திரங்களின் வழக்கமான தொடர். முதல் பெயர்ப்பு இதைச் சொல்லுக்குச் சொல் "அவளும், அவளுடைய மகன்களும், மகன்களின் மகன்களும்" என்று ஆங்கிலத்தில் வைத்திருந்தது. பர்மிங்ஹாம் வழக்கறிஞர் கேட்டிருந்தார்: மகளுக்கு ஆயுள் உரிமை மட்டும்தானா? அவருக்கு இரண்டும் பெண் குழந்தைகளாயிற்றே, அவர்களுக்கு ஒன்றும் இல்லையா?

இங்கே உறவுச் சொல்லைப் போல் தெரிவது உறவுச் சொல்லே அல்ல. புத்திரன், பௌத்திரன் என்று யாரையும் அது சுட்டவில்லை. தலைமுறை தலைமுறையாக இறங்கும் முழு உரிமை என்பதற்குச் சமஸ்கிருதத்திலிருந்து பத்திர மொழிக்கு வந்து நிலைத்துவிட்ட தொடர் அது. பெறுகிறவர் பெண்ணாக இருந்தாலும் அதற்கு முழு உரிமை என்றே பொருள் என்பதை லண்டன் பிரிவி கவுன்சில் காலத்திலிருந்து நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆகவே அந்தத் தொடரைப் பயனுக்குப் பெயர்த்தேன்: முழுமையாகவும், வழிவழியாக இறங்கும் உரிமையோடும். மூலத் தொடரை ஆங்கில எழுத்தில் அடிக்குறிப்பில் வைத்தேன்.

ஒன்றைச் சொல்லாகவே விட்டுவிட்டு இன்னொன்றைப் பயனுக்குப் பெயர்ப்பது முரண் அல்லவா என்று மகள் கேட்டார். நல்ல கேள்வி. "புத்திர பௌத்திர" என்ற தொடருக்கு ஒரே பொருள்தான் என்று தீர்ந்துபோயிருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் படிப்பவரை ஏமாற்றுவதாகும். "மருமகன்" இந்த உயிலில் இன்னும் தீரவில்லை, தீர்ந்ததாகக் காட்டினால் அதுவும் ஏமாற்றுவதே. எந்தச் சொல் எந்த வகை என்று பிரித்தறிவதில்தான் என் நேரத்தில் பாதி போகிறது.

இன்னொன்று. நகைப் பட்டியலில் "என் ஆயாவின் சிவப்புக்கல் கம்மல்" என்றிருந்தது. முதல் பெயர்ப்பில் அது வேலைக்காரியின் கம்மல் ஆகியிருந்தது. வட ஆற்காட்டில் ஆயா என்றால் பாட்டி. ஆங்கிலத்திலும் அதே ஒலியில் ஒரு சொல் உண்டு, குழந்தை பார்க்கும் பணிப்பெண்ணைக் குறிப்பது. அதனால் வெளியூர்க்காரர் கண்ணுக்குப் பணிப்பெண்தான் முதலில் வருகிறாள். வேலைக்காரியின் நகை இவரிடம் எப்படி வந்தது, அடகா என்று பதினொரு கேள்விகளில் ஒன்று. அந்தக் கம்மலை மகள் காதில் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். திருகாணி தேய்ந்து நூல் சுற்றியிருந்தது. ஆறு தலைமுறைப் பழையது என்று அம்மா சொல்வாராம்.

செக்குபந்தியில் கிடைத்த வரி

முதல் பெயர்ப்பு சொத்து விவரத்தை முழுவதும் விட்டிருந்தது. "சொத்து விவரம் மூலப் பத்திரத்தில் உள்ளபடி" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். பலர் செய்வதுதான். சர்வே எண், சென்ட் கணக்கு, நான்கெல்லை, இதில் பெயர்க்க என்ன இருக்கிறது என்று நினைப்பு. பவுண்டுக் கணக்கைப் பற்றிக் கேட்கும் இங்கிலாந்து வழக்கறிஞருக்குக் குடியாத்தம் வட்டத்துத் தென்னந்தோப்பின் எல்லை எதற்கு என்றும் தோன்றியிருக்கலாம்.

நான் உயிலை முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரைவரை பெயர்ப்பேன். 277ஆம் பிரிவின்படி, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அல்லாத ஒருவர் உயிலைப் பெயர்த்தால், மூலத்தின் மொழியையும் எழுத்தையும் படித்து முழுமையாக அறிந்தவன் நான், மேலே உள்ளது உண்மையான, துல்லியமான மொழிபெயர்ப்பு என்று உறுதிமொழி எழுத வேண்டும். இங்கிலாந்துக்கு அனுப்பினாலும் நான் அதே சொற்களில்தான் சான்றளிக்கிறேன். ஒரு பத்தியை விட்டுவிட்டு அந்தக் கையெழுத்தைப் போட முடியாது.

அப்படித் தோப்பின் செக்குபந்திக்கு, அதாவது நான்கெல்லை விவரத்துக்கு, வந்தபோது கண்ணில் பட்டது: "வடக்கில் என் அண்ணன் மகனுக்கு நான் செட்டில்மெண்ட் செய்து கொடுத்த நிலம்."

இரண்டு விஷயங்கள் ஒரே வரியில் இருந்தன. குடியாத்தத்துக்காரரை அவர் எழுதிய ஒரே இடத்தில் "அண்ணன் மகன்" என்றிருக்கிறது, மருமகன் என்றில்லை. உயில் எழுதுவதற்கு முன்பே அவருக்கு நிலம் கொடுத்தாகிவிட்டது என்பதும் தெரிகிறது. உயிலின் ஒரு பகுதியின் பொருளை முழு உயிலையும் வைத்தே கொள்ள வேண்டும் என்பது 82ஆம் பிரிவு. முழு உயில் என்றால் சொத்து விவரமும்தான்.

இது முடிந்த சாட்சியம் என்று நான் சொல்லமாட்டேன். செக்குபந்தி எழுதுகிறவர் பத்திர எழுத்தர், "அண்ணன் மகன்" அவருடைய சொல்லாகவும் இருக்கலாம். பேச்சு வழக்கைக் கேட்டுத் தெளியலாம் என்று மூவரும் ஆசிரியையை எப்படி அழைப்பார்கள் என்று விசாரித்தேன். அதுவும் உதவவில்லை. அப்பாவின் தங்கை என்பதால் குடியாத்தத்துக்காரருக்கு அவர் அத்தை. மனைவியின் தாய் முறை என்பதால் ஆம்பூர்க்காரருக்கும் அத்தை. பர்மிங்ஹாம்காரருக்கு இரண்டு வழியிலும் அத்தை.

எப்படி முடிந்தது

புதிய பெயர்ப்பும் குறிப்புகளும் போன பிறகு பர்மிங்ஹாம் வழக்கறிஞரிடமிருந்து இரண்டே கேள்விகள் வந்தன. அந்தச் செட்டில்மெண்ட் பத்திரத்தின் நகல் உண்டா? உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா? இரண்டுமே அவர் புதிய பெயர்ப்பைப் படித்த பிறகுதான் கேட்க முடிந்த கேள்விகள்.

2010ஆம் ஆண்டுச் செட்டில்மெண்ட் பத்திரத்தின் நகலைச் சார் பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்கினார்கள். சாட்சிகளில் ஒருவர், ஆசிரியையோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர், உயிரோடு இருந்தார். உயில் எழுதிய அன்று ஆசிரியை "பெண்கள் இருவருக்கும் நகை, மாப்பிள்ளைகள் இருவருக்கும் பணம், அண்ணன் பையனுக்கு நிலம் போய்விட்டது" என்று வாயால் சொன்னதாகவும், எழுத்தர் "மாப்பிள்ளைகள்" என்பதை மாற்றி "மருமகன்கள்" என்று எழுதியதாகவும் அவர் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். பேச்சில் மாப்பிள்ளை என்பதும் எழுத்தில் மருமகன் என்பதும் நம் பக்கத்துப் பத்திர எழுத்தர்களுக்கு வழக்கம். எழுத்து நாகரிகத்துக்காக மாற்றிய ஒரு சொல்லிலிருந்துதான் இத்தனையும் கிளம்பியது.

குடியாத்தத்துக்காரர் அந்தப் பிரமாணப் பத்திரத்தை என் மேசையில் உட்கார்ந்து படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். பிறகு, தனக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "அத்தை சொன்ன மாதிரியேதான் இருக்கிறது சார்" என்றார். பணம் பர்மிங்ஹாமுக்கும் ஆம்பூருக்கும் சரிபாதியாகப் போனது.

எல்லாம் முடிந்து சில வாரங்கள் கழித்து மகள் தொலைபேசியில் அழைத்தார். வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு நல்ல படி வேண்டும், இப்போதுதான் பொருள் தெரிந்துவிட்டதே, அந்த அடிக்குறிப்பை எடுத்துவிட்டு "சன்ஸ்-இன்-லா" என்று நேராகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. பொருள் தெரிந்தது சாட்சியின் பிரமாணப் பத்திரத்திலும் குடியாத்தத்துக்காரரின் கையெழுத்திலும். அவை தனித் தாள்கள், அவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்றேன். நான் பெயர்த்தது 2011இல் உங்கள் அம்மா கையெழுத்திட்ட தாளை, அதில் இன்றைக்கும் "மருமகன்கள் இருவரும்" என்றுதான் இருக்கிறது. குறிப்போடு கூடிய பழைய படியையே புதிதாக அச்சடித்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.